விளம்பரத்துக்குப் போட்ட பணம் எந்த மாதம் விற்பனையாகத் திரும்புகிறது?

"ஆன்லைனில் ஒரு பயிற்சி வகுப்பு விற்கிறேன், கடன் கேட்பதற்காக பிசினஸ் பிளான் எழுதுகிறேன். மாதம் 50,000 விளம்பரத்துக்குப் போட்டால் 250 லீட், 10 விற்பனை என்று ஷீட்டில் வைத்திருக்கிறேன். செலவை 1,00,000 என்று மாற்றினால் 500 லீட், 20 விற்பனை என்று காட்டுகிறது. இதைப் பார்த்தவர் 'இந்த எண் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை. செலவு, லீட், கன்வெர்ஷன், விற்பனை நான்கையும் சரியாக இணைப்பது எப்படி?"

உங்கள் பெருக்கலில் பிழை இல்லை. ஷீட் இரண்டு விஷயங்களைச் சொல்லாமலே உண்மை என்று எடுத்துக்கொள்கிறது, அங்கேதான் சிக்கல். ஒன்று, இந்த மாதம் செலவழித்த பணம் இந்த மாதமே விற்பனையாகிவிடும் என்பது. இன்னொன்று, முதல் 50,000க்குக் கிடைத்த லீட், அதாவது விசாரித்து ஃபார்ம் நிரப்பியவர், அதே விலைக்கு அடுத்த 50,000க்கும் கிடைக்கும் என்பது. இரண்டுமே பெரும்பாலும் பொய்யாகும். பத்து வருடத்துக்கு மேலாக இந்த மாதிரி ஷீட்டுகளைப் போட்டும், மற்றவர்கள் போட்டதைப் பிரித்துப் பார்த்தும் வருகிறேன். கடன் கொடுப்பவர் விரல் வைக்கிற இடம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். எண்களை எந்த நாணயத்திலும் வைத்துக்கொள்ளுங்கள், நான் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன்.

முதலில் காலம். பயிற்சி வகுப்பு மாதிரி கொஞ்சம் யோசித்து வாங்குகிற பொருளில், ஃபார்ம் நிரப்பியவர் அன்றைக்கே பணம் கட்டுவது குறைவு. ஒரு போன், ஒரு மாதிரி வகுப்பு, வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், சம்பளம் வரட்டும், இப்படியே நாள் போகும். அதனால் விற்பனையை அது நடந்த மாதத்தோடு சேர்க்காமல், அந்த ஆள் முதன்முதலில் ஃபார்ம் நிரப்பிய மாதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜனவரியில் வந்த 250 பேரை "ஜனவரித் தொகுதி" என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மொத்தம் 10 பேர் வாங்கினார்கள் என்றால், ஜனவரியிலேயே 4, பிப்ரவரியில் 4, மார்ச்சில் 2 என்கிற மாதிரி பிரிந்து வரும். இந்த 4, 4, 2 நான் உதாரணத்துக்கு வைத்த பிரிவு. உங்களுடையது வேறாக இருக்கும், உங்கள் பழைய விற்பனைகளில் ஃபார்ம் தேதியையும் பணம் வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது தெரிந்துவிடும்.

இதைப் பணமாக மாற்றிப் பார்ப்போம். வகுப்பின் விலை 12,000 என்றும், அதில் பயிற்றுநர் சம்பளம், பேமென்ட் கேட்வே கட்டணம், திருப்பிக் கொடுக்கும் தொகை எல்லாம் போக ஒரு விற்பனையில் 8,000 கையில் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். விலையை வைத்து அல்ல, இந்த 8,000ஐ வைத்துத்தான் விளம்பரத்தை எடைபோட வேண்டும். மாதாமாதம் 50,000 செலவு. முதல் மாதம் 4 விற்பனை, 32,000 வந்தது, 18,000 குறைவு. இரண்டாம் மாதம் அந்த மாதத் தொகுதியிலிருந்து 4, முந்தைய தொகுதியிலிருந்து 4, ஆக 8 விற்பனை, 64,000. செலவு போக 14,000 மிச்சம், ஆனால் மொத்தக் கணக்கு இன்னும் 4,000 பள்ளத்தில் இருக்கிறது. மூன்றாம் மாதம்தான் 4, 4, 2 மூன்றும் சேர்ந்து 10 விற்பனை வருகிறது, மொத்தக் கணக்கும் 26,000 மேலே வருகிறது. உங்கள் ஷீட் முதல் மாதத்திலேயே 10 விற்பனை என்று காட்டுகிறது. அதை நம்பி கடன் தவணையை இரண்டாம் மாதத்திலிருந்து வைத்தால், தொழில் நன்றாக நடந்தாலும் தவணை தவறும்.

இதே கணக்கு எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றும், அதுதான் இன்னும் ஆபத்து. ஒரு பயிற்சி நிறுவனத்தில் நான் வேலை பார்த்தபோது, மூன்று மாதம் ஓடிய விளம்பரத்தை நான்காம் மாதம் முழுக்க நிறுத்தினார்கள். அந்த மாதமும் விற்பனை நடந்தது. மேலே சொன்ன எண்களிலேயே பார்த்தால், இரண்டாம் தொகுதியிலிருந்து 2, மூன்றாம் தொகுதியிலிருந்து 4, மொத்தம் 6 விற்பனை, செலவு சுழி. "விளம்பரம் இல்லாமலே பாதிக்கு மேல் விற்பனை வருகிறதே, இத்தனை நாள் வீணாகப் போட்டோமா" என்று கூட்டத்தில் பேச்சு வந்தது, எனக்கும் அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. ஐந்தாம் மாதம் விற்பனை 2 அளவுக்கு இறங்கியது, ஆறாம் மாதம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மறுபடி தொடங்கியபோது முதல் மாதப் பள்ளத்தை மறுபடி ஒரு முறை கடக்க வேண்டியிருந்தது. ஒரே மாதத்தின் செலவை அதே மாதத்தின் விற்பனையால் வகுக்கிற எண், செலவு ஏறும்போது எப்போதும் உண்மையைவிட மோசமாகவும், செலவு இறங்கும்போது உண்மையைவிட நன்றாகவும் தெரியும். அந்த ஒரு வகுத்தலை விட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

சரி, தொகுதியாகப் பிரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு லீட்டுக்கும் ஒரு வரி வேண்டும். பெரிய சாஃப்ட்வேர் தேவையில்லை, ஒரு ஷீட் போதும். ஃபார்ம் நிரப்பிய தேதி, போன் நம்பர், எந்த விளம்பரத்திலிருந்து வந்தார், முதலில் பேசிய தேதி, பேச்சின் முடிவு, பணம் கட்டிய தேதி, கட்டிய தொகை, திருப்பிக் கொடுத்திருந்தால் அந்தத் தொகை. இந்த எட்டுக்கு மேல் கேட்டால் போன் பேசுகிறவர் நிரப்பமாட்டார். எந்த விளம்பரம் என்பதை அவர் கையால் எழுதக் கூடாது, தானாக வந்து விழ வேண்டும். விளம்பரத்தின் லிங்க்கில் கடைசியில் இப்படிச் சேர்த்துவிட்டு,

```
?utm_source=meta&utm_medium=paid&utm_campaign=jan_trial
```

ஃபார்மில் கண்ணுக்குத் தெரியாத புலம் ஒன்று வைத்து அதில் இதைப் பிடித்துக்கொண்டால் போதும். கூகுள் விளம்பரம் என்றால் லிங்க்கில் gclid என்று ஒரு நீளமான குறியீடு தானாக ஒட்டிக்கொண்டு வரும், அதையும் சேமித்து வையுங்கள். பின்னால் யார் பணம் கட்டினார்கள் என்பதை அந்தக் குறியீட்டோடு கூகுளுக்குத் திருப்பி அனுப்பலாம், அப்போது அது லீட்டைத் தேடுவதற்குப் பதிலாக வாங்குகிற ஆளைத் தேட ஆரம்பிக்கும். கிளிக் நடந்து 90 நாளுக்குமேல் ஆகிவிட்டால் அதை ஏற்றுக்கொள்ளாது, ஆகவே மாதக் கடைசிக்கு என்று தள்ளிப்போடாமல் வாரம் ஒருமுறை அனுப்புவது நல்லது.

அப்புறம், லீட் என்றால் எது என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள், அதை நடுவில் மாற்றாதீர்கள். நான் வைத்துக்கொள்கிற வரையறை இது: போன் எடுத்துப் பேசி, ஃபார்ம் நிரப்பியது தான்தான் என்று ஒப்புக்கொண்ட, இதற்கு முன் நம் ஷீட்டில் இல்லாத ஒரு நம்பர். விளம்பர டேஷ்போர்டு 300 லீட் என்று காட்டும்போது, ஒரே நம்பர் இரண்டு முறை வந்தது, தவறான நம்பர், நாமே சோதித்துப் பார்த்தது எல்லாம் கழித்தால் 250 ஆவது சாதாரணம். இதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் வலைப்பக்கத்தில் வந்து நிரப்புகிற ஃபார்ம் ஒன்று, விளம்பரத்துக்குள்ளேயே திறந்து, பெயரும் நம்பரும் முன்கூட்டியே நிரம்பி வருகிற ஃபார்ம் இன்னொன்று. இரண்டாவதில் இரண்டு தட்டில் வேலை முடிந்துவிடும். ஒரு வாடிக்கையாளருக்கு அதை மாற்றிக் கொடுத்தேன், லீட் விலை 200லிருந்து 100க்கு வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்து அந்தத் தொகுதியைத் திறந்து பார்த்தால் நூற்றுக்கு 4 வாங்கிய இடத்தில் 1.5தான் வாங்கியிருக்கிறார்கள். 200ஐ 4 சதவீதத்தால் வகுத்தால் ஒரு விற்பனைக்கு 5,000. 100ஐ 1.5 சதவீதத்தால் வகுத்தால் 6,667. லீட் பாதி விலை, விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலை. போன் போட்டுப் போட்டு "நான் எதையும் நிரப்பவில்லையே" என்று கேட்டுக் கேட்டு, பேசுகிற பெண் சோர்ந்துபோனது தனி. எனவே பிளானில் லீட் விலையை எழுதுகிற இடத்திலெல்லாம், அது எந்த ஃபார்ம், எந்தத் தளம் என்றும், அந்த வழியில் வந்தவர்களில் வாங்கிய சதவீதம் என்ன என்றும் சேர்த்தே எழுதுங்கள். இந்த இரண்டு எண்ணும் ஜோடி, ஒன்றை ஓரிடத்திலிருந்தும் மற்றதை வேறிடத்திலிருந்தும் எடுக்கக் கூடாது.

கிளிக், பார்வை, கிளிக் சதவீதம் இவையெல்லாம் விளம்பரம் போடுகிறவருக்கு வேண்டும். பிளானில் வேண்டாம். அவற்றைச் சேர்த்தால் ஷீட்டில் ஊகம் கூடும், நம்பகம் கூடாது.

டேஷ்போர்டில் காட்டுகிற விற்பனை எண்ணைப் பிளானில் எடுத்துப் போட வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மெட்டாவின் வழக்கமான அமைப்பில், ஒருவர் விளம்பரத்தைக் கிளிக் செய்து 7 நாளுக்குள், அல்லது வெறுமனே பார்த்து 1 நாளுக்குள் வாங்கினால் அந்த விற்பனையைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். கூகுள் ஆட்ஸில் கிளிக்குக்குப் பிறகு 30 நாள் என்பது வழக்கமான அளவு. ஒரே ஆள் திங்கள்கிழமை மெட்டா விளம்பரத்தைக் கிளிக் செய்து, வியாழக்கிழமை கூகுளில் தேடி இன்னொரு விளம்பரத்தைக் கிளிக் செய்து வாங்கினால், இரண்டும் "என்னால்தான்" என்று சொல்லும். ஒரு டேஷ்போர்டில் 7, இன்னொன்றில் 6, கூட்டினால் 13, ஆனால் வங்கியில் 10 பேர் பணம்தான் இருக்கும். போதாக்குறைக்கு கூகுள் ஆட்ஸ் தன் வழக்கமான பத்தியில் விற்பனையை, அது நடந்த நாளில் இல்லாமல் கிளிக் நடந்த நாளில் எழுதும். அதனால் போன மாத எண் இந்த மாதம் திறந்து பார்த்தால் கூடியிருக்கும். அது பிழை இல்லை, ஒருவகையில் நாம் மேலே செய்த தொகுதிக் கணக்கேதான், ஆனால் தெரியாமல் பார்த்தால் குழம்பும். எதிர்ப்பக்கமாக, உங்கள் வகுப்பை வாங்க 40 நாள் எடுப்பவரை இந்த இரண்டுமே வழக்கமான அமைப்பில் தவறவிடும். 2021இல் ஐபோனில் ஆப்கள் பயனரைப் பின்தொடர அனுமதி கேட்க வேண்டும் என்று வந்த பிறகு, டேஷ்போர்டு எண்களில் ஒரு பகுதி நேரடியாக எண்ணியது இல்லை, மதிப்பிட்டது. ஆகவே எது உறுதி என்று கேட்டால், விளம்பரத்துக்கு நீங்கள் கட்டிய தொகையும் வங்கிக்கு வந்த தொகையும் உறுதி. ஒழுங்காக வைத்திருந்தால் உங்கள் லீட் ஷீட்டின் தேதிகளும் உறுதி. எந்த விளம்பரத்தால் என்பது எப்போதும் ஒரு மதிப்பீடு. மொத்தச் செலவை மொத்த விற்பனையோடு தொகுதிவாரியாக இணைத்தாலே பிளானுக்குப் போதும். விளம்பரவாரியான பிரிப்பு உங்கள் அன்றாட வேலைக்கு.

இப்போது இரட்டிப்புக்கு வருவோம், உங்களிடம் உண்மையில் கேட்கப்பட்ட கேள்வி இதைப் பற்றித்தான் இருக்கும். விளம்பரத் தளம் உங்கள் முதல் பணத்தை, நிரப்ப வாய்ப்பு அதிகமாக இருக்கிற ஆட்களிடம் காட்டச் செலவழிக்கும். அதிகப் பணம் கொடுத்தால் அடுத்த அடுக்கு ஆட்களிடம் போகும், இல்லையென்றால் அதே ஆட்களிடம் திரும்பத் திரும்பக் காட்டும், இல்லையென்றால் ஏலத்தில் கூடுதல் விலை கொடுத்து இடம் பிடிக்கும். மூன்றுமே லீட் விலையை ஏற்றும். எவ்வளவு என்பது பொருளையும் அது பேசுகிற கூட்டத்தின் அளவையும் பொறுத்தது, பொது விதி என்று யாராவது ஒரு சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள். நான் கையாண்ட ஒரு கணக்கின் விகிதத்தை உங்கள் எண்களுக்குப் பொருத்திச் சொல்கிறேன்: 50,000க்கு 250 லீட் வந்த இடத்தில், 1,00,000க்கு 400 லீட் வந்தது. லீட் விலை 200லிருந்து 250 ஆனது, பெரிய விஷயமாகத் தெரியாது. ஒரு விற்பனைக்கு 6,250 ஆகிறது, நமக்கு நிற்பது 8,000, இன்னும் லாபம்தான் என்று தோன்றும். ஆனால் கூடுதலாகப் போட்ட 50,000ஐ மட்டும் தனியாக எடுங்கள். அதற்குக் கிடைத்தது 150 லீட், ஒவ்வொன்றும் 333. அதிலிருந்து 6 விற்பனை, ஒவ்வொன்றுக்கும் 8,333. அதாவது கூடுதலாக வந்த ஒவ்வொரு விற்பனையிலும் 333 நஷ்டம். மொத்தமாகப் பார்த்தாலும் அதேதான் வரும். 50,000 போட்டபோது 10 விற்பனையில் 80,000 வந்து 30,000 மிச்சம். 1,00,000 போட்டபோது 16 விற்பனையில் 1,28,000 வந்து 28,000 மிச்சம். விளம்பரத்தை இரட்டித்து, வேலையை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆக்கி, மிச்சத்தில் 2,000 குறைந்திருக்கிறது. உங்கள் ஷீட்டோ இதே இடத்தில் 20 விற்பனை, 60,000 மிச்சம் என்று சொல்கிறது.

இதை ஷீட்டில் கொண்டுவர எளிய வழி, செலவின் மேல் ஒரு அடுக்குக்குறி வைப்பது. இரண்டு அளவில் செலவழித்துப் பார்த்த எண்கள் இருந்தால் அந்தக் குறியைக் கண்டுபிடித்துவிடலாம். 250க்கும் 400க்கும் உள்ள விகிதம் 1.6, செலவின் விகிதம் 2, ஆக LN(1.6)/LN(2) என்று போட்டால் ஏறக்குறைய 0.68 வரும். ஒவ்வொரு மாதமும் ஒரு வரிசை, B பத்தியில் செலவு, C பத்தியில் லீட், D பத்தியில் விற்பனை, H1இல் வாங்குகிறவர் சதவீதம் என்று வைத்துக்கொண்டால்,

```
C5: =250*(B5/50000)^0.68
D5: =$H$1*(0.4*C5+0.4*C4+0.2*C3)
```

முதல் சூத்திரம் செலவை லீட்டாக்குகிறது, கூடக்கூட விலை ஏறுவதையும் சேர்த்து. இரண்டாவது, இந்த மாதத் தொகுதியிலிருந்து 40 சதவீதம், போன மாதத் தொகுதியிலிருந்து 40, அதற்கு முந்தையதிலிருந்து 20 என்று விற்பனையைப் பரப்புகிறது. முதல் மாதத்துக்கு மேலே இரண்டு வெற்று வரிசை விட்டுவிடுங்கள், அப்போதுதான் தொடக்கத்துப் பள்ளம் தானாகத் தெரியும். 0.68 என்பது இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்து இழுத்த கோடு. 50,000க்கும் 1,00,000க்கும் இடையில் அது ஏற்கத்தக்கது, அதை வைத்து 5,00,000 போட்டால் என்னவாகும் என்று கணக்கிடக் கூடாது. அளவை மாற்றிப் பார்க்கும்போது ஒரே வாரத்தில் முடிவுக்கு வராதீர்கள். மெட்டா ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் சுமார் 50 கன்வெர்ஷன் கிடைத்தால்தான் நிலைப்படும் என்று சொல்கிறது, பட்ஜெட்டைப் பெரிதாக மாற்றியவுடன் வருகிற சில நாட்களின் எண் ஆட்டம் காணும். ஒரு முழு மாதம் ஓடவிட்டு, அந்தத் தொகுதி முதிரவும் காத்திருங்கள்.

இந்த இடத்தில் விளம்பரத்தோடு சம்பந்தமில்லாத ஒரு விஷயமும் சதவீதத்தை இறக்கும். 250 லீட் என்றால், மாதம் 22 வேலை நாளில், நாளுக்கு 11 பேர். ஒவ்வொருவரையும் பிடிக்க மூன்று முறை அழைக்க வேண்டும் என்றால் 34 அழைப்பு, ஒருவர் சமாளிப்பார். 400 லீட் என்றால் நாளுக்கு 18 பேர், 55 அழைப்பு, அதற்கு மேல் மாதிரி வகுப்பு ஏற்பாடு வேறு. அன்றைக்கே பேச வேண்டியவரை மூன்றாம் நாள் பேசினால் அவர் பாதி மறந்திருப்பார். மேலே நான் 1,00,000க்கும் அதே 4 சதவீதத்தை வைத்தது உங்களுக்குச் சாதகமான ஊகம். இரண்டாவது ஆளை வைத்தால் அவர் சம்பளத்தையும் அந்தக் கூடுதல் 6 விற்பனையின் மேல்தான் ஏற்ற வேண்டும். ஷீட்டில் நாளொன்றுக்கு எத்தனை லீட் என்று ஒரு பத்தி வைத்து, ஒருவர் தாங்குகிற அளவைத் தாண்டுகிற மாதத்தில் சம்பளம் கூடும்படி செய்யுங்கள்.

இனி, 4 சதவீதம் என்ற எண்ணையே எவ்வளவு நம்பலாம் என்பது. 250 பேரில் 10 பேர் வாங்கினார்கள் என்பது ஒரு சிறிய மாதிரி. புள்ளியியல் முறைப்படி 95 சதவீத நம்பகத்தோடு சொன்னால், உங்கள் உண்மையான விகிதம் ஏறக்குறைய 2 சதவீதத்துக்கும் 7 சதவீதத்துக்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். இது சும்மா பயமுறுத்தல் இல்லை. லீட் விலையான 200ஐ, ஒரு விற்பனையில் நிற்கிற 8,000ஆல் வகுத்தால் 2.5 சதவீதம், அதுதான் விளம்பரம் தன் செலவை எடுக்கிற எல்லைக்கோடு. அந்தக் கோடு இந்த 2 முதல் 7க்குள்ளேயே கிடக்கிறது, ஆக ஒரு தொகுதியை மட்டும் பார்த்து "லாபம்தான்" என்று உறுதி சொல்ல முடியாது. அதே விகிதத்தில் மூன்று தொகுதி சேர்ந்து 750 லீட், 30 விற்பனை என்று வந்துவிட்டால் எல்லை ஏறக்குறைய 2.7க்கும் 5.7க்கும் சுருங்கும், கீழ் எல்லையே கோட்டுக்கு மேல் வந்துவிடும். மூன்றாவது தொகுதி முழுதாக முதிர இன்னும் இரண்டு மாதம் வேண்டும் என்பதால், அந்த உறுதி ஐந்தாம் மாதக் கடைசியில்தான் கிடைக்கும். இந்த எல்லைகள் மாதிரி சிறியது என்பதை மட்டும்தான் கணக்கில் எடுக்கின்றன. போட்டி கூடுவது, விளம்பரம் பழசாவது, பருவம் மாறுவது எதுவும் இதில் இல்லை.

இன்னொரு சந்தேகம், விளம்பரமே இல்லாமல் இருந்தாலும் இந்த 10 பேரில் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பது. உங்கள் பெயரையே கூகுளில் தேடுகிறவருக்கு விளம்பரம் காட்டினால், லீட் மிக மலிவாகத் தெரியும், ஆனால் அவர் எப்படியும் வருபவர். ஈபே நிறுவனம் தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிய விளம்பரத்தை நிறுத்திப் பார்த்த சோதனை பிரபலமானது, பிளேக், நோஸ்கோ, டடெலிஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் அதை 2015இல் வெளியிட்டார்கள். விளம்பரம் வழியாக வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அதற்குக் கீழே இருக்கிற சாதாரண லிங்க் வழியாக வந்துவிட்டார்கள். ஈபே மாதிரி எல்லோருக்கும் தெரிந்த பெயருக்கு நடந்தது அப்படியே உங்களுக்கும் நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் பெயர்த் தேடல் விளம்பரத்தை மற்றவற்றோடு கலக்காமல் தனி வரியில் வையுங்கள், கலந்தால் சராசரி லீட் விலை அழகாகி, இரட்டிப்புக் கணக்கு மறுபடி ஏமாற்றும். பெயரைத் தேடுகிறவர்களை இரட்டிக்க பணத்தால் முடியாது. நண்பர் சொல்லி வருகிறவர்களுக்கும் தனி வரி. முதல் அழைப்பிலேயே "எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?" என்று கேட்டு எழுதிக்கொள்வது முழுக்கத் துல்லியம் இல்லை, ஆனாலும் டேஷ்போர்டு சொல்லாததைச் சொல்லும்.

ஆகவே உங்களிடம் கேட்டவருக்கு நான் கொடுப்பது இப்படி இருக்கும். முதல் பக்கத்தில் முதிர்ந்த தொகுதிகள் மட்டும், தொகுதிக்கு ஒரு வரி: செலவு, லீட், இன்றுவரை விற்பனை, வங்கிக்கு வந்த தொகை. முதிராத தொகுதியைச் சேர்த்தால் "இன்னும் முடியவில்லை" என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் மேலே உள்ள சூத்திரத்தால் 12 மாத முன்கணிப்பு, அதை H1இல் 2.5%, 4%, 5.5% என்று மூன்று முறை மாற்றி மூன்று பதிப்பு. ஒவ்வொன்றிலும் மொத்தக் கணக்கு எவ்வளவு ஆழம் வரை இறங்குகிறது, எந்த மாதம் மேலே வருகிறது என்று பாருங்கள். கடனாகக் கேட்கிற தொகை கீழ்ப் பதிப்பின் அந்த ஆழத்தை மூட வேண்டும். 2.5 பதிப்பில் விளம்பரம் தன் செலவை மட்டும்தான் எடுக்கும், வாடகையும் சம்பளமும் தவணையும் எடுக்காது, அது அவருக்கும் தெரியும், நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். செலவை 1,00,000க்கு ஏற்றுவதை இப்போதே பிளானில் வைக்காமல், ஐந்தாம் மாதம் 750 லீட்டின் முடிவைப் பார்த்து, முதலில் 65,000க்கு ஒரு மாதம் ஏற்றி, அந்தக் கூடுதல் 15,000 எத்தனை லீட் கொடுத்தது என்று தனியாக எண்ணிய பிறகு முடிவெடுப்பதாக எழுதுங்கள். மேலே உள்ள சூத்திரப்படி அதற்கு 49 லீட் வர வேண்டும், லீட்டுக்கு 306. 4 சதவீதம் நின்றால் ஒரு விற்பனைக்கு 7,650, அதாவது ஏறுவதற்கு மிச்சம் மிகக் குறைவு. 60க்கு மேல் வந்தால் உங்கள் சந்தையில் இடம் இன்னும் இருக்கிறது.

ஒருமுறை வாங்குகிற பொருளுக்குத்தான் இவ்வளவும். மாதச் சந்தா என்றால் 8,000க்குப் பதிலாக, ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை பேர் இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் தொடர்ந்தார்கள் என்று இன்னொரு அட்டவணை வேண்டும். அப்படி ஏதாவது விற்கிறீர்கள் என்றால் எத்தனை மாதத் தரவு கையில் இருக்கிறது என்று எழுதுங்கள், அதை வைத்துச் சொல்கிறேன்.